தொகையீட்டுக் காரணியில் பிழை எங்கே நுழைகிறது?

மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக்குச் சனிக்கிழமைகளில் நான்கைந்து இன்ஜினியரிங் பிள்ளைகள் கணக்கு கேட்க வருவார்கள். போன வாரம் இந்தக் கணக்கைக் கொடுத்தேன், y(1) = 3 என்ற நிபந்தனையோடு:

```
x y' - 2y = x^3   (x > 0)
```

ஒருவன் உடனே `P = -2`, தொகையீட்டுக் காரணி `e^(-2x)` என்று எழுதிவிட்டான். y'-க்கு முன்னால் x நிற்பதை அவன் கவனிக்கவில்லை. `y' + P y = Q` என்ற வடிவத்துக்கு வந்த பிறகுதான் P எது என்றே சொல்ல முடியும். அதனால் முதலில் எல்லா உறுப்புகளையும் x-ஆல் வகுக்க வேண்டும்: `y' - (2/x) y = x^2`. இப்போது `P = -2/x`, அந்தக் கழித்தல் குறியும் P-யைச் சேர்ந்ததுதான்.

அடுத்து காரணி `e^(∫P dx)`, அதாவது `e^(-2 ln x)`. இதை `-2x` என்று சுருக்குகிறவர்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். `-2`-ஐ மடக்கைக்கு உள்ளே கொண்டுபோனால் `ln(x^-2)` ஆகும், ஆகவே காரணி `1/x^2`. இங்கே தவறினால் அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் வீண், ஆனால் சரிபார்க்க அரை நிமிஷம் போதும். காரணியை `μ` என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நாம் தேடுவதே இடப்பக்கம் `(μy)'` என்று ஒரே வகைக்கெழுவாக மடிய வேண்டும் என்பதற்காகத்தான், பெருக்கல் விதிப்படி அதற்கு `μ' = μP` ஆக வேண்டும். `μ = x^-2` என்றால் `μ' = -2x^-3`, `μP`-யும் அதேதான். குறியை விட்டுவிட்டு `x^2` என்று எடுத்திருந்தால் ஒரு பக்கம் `2x`, மறுபக்கம் `-2x` என்று வந்து உடனே தெரிந்துவிடும்.

சரி, இப்போது `1/x^2`-ஆல் இரண்டு பக்கத்தையும் பெருக்குங்கள், வலப்பக்கத்தையும்தான்:

```
(y/x^2)' = 1
y/x^2 = x + C
y = x^3 + C x^2
```

எனக்கு மிகவும் கவலை தரும் பிழை இந்த C-யில்தான் இருக்கிறது. தொகையீடு செய்யும் வரியிலேயே C போடாமல், y-ஐத் தனியாக்கிய பிறகு ஞாபகம் வந்து `y = x^3 + C` என்று ஒட்டவைப்பார்கள். y(1) = 3 என்று போட்டால் இரண்டு வழியிலும் `C = 2` வரும், நிபந்தனை பொருந்திவிட்டது என்று பிள்ளை நிம்மதியாக அடிக்கோடு போட்டுவிடுவான். ஆனால் x = 2-இல் சரியான விடை 16, அவனுடையது 10. (P-யைத் தொகையிடும்போது மட்டும் C தேவையில்லை, அது காரணியை ஓர் எண்ணால் பெருக்கும், அந்த எண் இரண்டு பக்கத்திலும் அடிபட்டுப் போகும்.)

அதனால் நிபந்தனையை மட்டும் பார்க்காமல், மூலச் சமன்பாட்டில் x = 2 போட்டுப் பாருங்கள். வலப்பக்கம் 8. `x^3 + 2` என்ற விடைக்கு y' = 12, இடப்பக்கம் 24 - 20 = 4, உதைக்கிறது. `x^3 + 2x^2`-க்கு y' = 20, 40 - 32 = 8.