மேடையில் முதல் வரி: கூட்டத்தை எந்த உறவுச்சொல்லால் அழைப்பது?

தெருமுனைக் கூட்டத்தில் முதன்முறையாகப் பேசப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முழுப் பேச்சையும் எப்படித் தயாரிப்பது என்பதற்குள் போகவில்லை. கூட்டத்தை விளிக்கும் அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும்தான் சொல்லப்போகிறேன்.

படி 1: சொல்லைத் தேர்ந்தெடுப்பது

நான் இடறியது இங்கேதான். எங்கள் பகுதியில் குடிநீர் கேட்டு ஒரு கூட்டம். ‘அன்புச் சகோதரர்களே’ என்று தொடங்கினேன். முன்வரிசை முழுக்கப் பெண்கள். காலிக் குடத்தோடு வந்திருந்தார்கள். நான் அழைத்ததும் சிலர் திரும்பி, பின்னால் டீக்கடை ஓரம் நின்ற ஆண்களைப் பார்த்தார்கள். அழைத்தது தங்களை இல்லை என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு பத்து நிமிடம் பேசியும் அந்த வரிசையை என்னால் மீட்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். தமிழில் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்று எந்தச் சொல்லை எடுத்தாலும் அது வயதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. கூட்டத்தைத் ‘தம்பி’ என்றால் பேசுகிறவர் அண்ணன் ஆகிவிடுவார். அறிஞர் அண்ணாவுக்கு அது பொருந்தியது. ‘திராவிட நாடு’ இதழில் அவர் தம்பிக்குக் கடிதம் எழுதினார்; தொண்டர்கள் அவரை அண்ணா என்றார்கள். அழைப்புக்குப் பதில் அழைப்பு இருந்தது. இருபத்தைந்து வயதுக்காரர் அறுபது வயதுக்காரரைப் பார்த்து ‘தம்பி’ என்று சொல்ல முடியுமா?

‘உடன்பிறப்பு’ இந்தச் சிக்கலைத் தாண்டிவிடுகிறது. அதில் ஆண், பெண் இல்லை. மூத்தவர், இளையவர் இல்லை. கலைஞர் ‘முரசொலி’யில் கடிதம் எழுதியதும் உடன்பிறப்புக்குத்தான். அண்ணாவின் இடத்தில் தன்னை வைத்துக்கொள்ளாமலேயே உறவை வைத்துக்கொள்ள அந்தச் சொல் வழிவிட்டது என்பது என் கணிப்பு. எம்.ஜி.ஆர். ‘ரத்தத்தின் ரத்தமான’ என்று முன்னால் சேர்த்தார். 1972இல் தனிக்கட்சி கண்டவர், பிறப்போடு நிறுத்தாமல் ரத்தம் வரைக்கும் போனார்.

மாமன், மச்சான் என்று எந்தத் தலைவரும் கூட்டத்தை அழைப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? அவை பெண் கொடுத்து எடுக்கும் உறவுகள். சொன்ன உடனே யார் வீட்டில் யார் சம்பந்தம் செய்யலாம் என்ற சாதிக் கேள்வியும் கூடவே வந்துவிடும். கூடப்பிறந்தவர் என்ற சொல்லில் அந்தக் கேள்வி எழுவதில்லை. பல தெருக்காரர்கள் ஒரே இடத்தில் நின்று அதை ஏற்றுக்கொள்ள முடிவது இதனால்தான் என்று நினைக்கிறேன். அதோடு, கூடப்பிறந்தவருக்குக் கேட்கும் உரிமையும் உண்டு, திட்டும் உரிமையும் உண்டு. அழைத்தவர் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும்.

படி 2: இடம்

மேடையில் இருப்பவர்களின் பெயர்களை முதலில் சொல்லி முடித்துவிடுங்கள். உறவுச்சொல் கடைசியில்தான் வரவேண்டும். ‘என் உயிரினும் மேலான அன்பு உடன்பிறப்புகளே’ என்று கலைஞர் சொல்லும்போது எழுந்த ஆரவாரத்தைப் பழைய பதிவுகளில் கேளுங்கள். ‘அவர்களே, அவர்களே’ என்று நீளும் பட்டியல் முழுவதும் கூட்டம் அந்த வரிக்காகக் காத்திருக்கிறது. பெயர்களை ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். போனைப் பார்த்துப் படித்தால் தலை குனிந்துவிடும். விளிக்கும் வரிக்கு மட்டும் அட்டையைப் பார்க்கவே கூடாது.

படி 3: குரல்

தமிழ் விளியின் கடைசியில் பெரும்பாலும் ‘ஏ’ நிற்கும். அதை இழுக்கலாம். தொலைவில் இருப்பவரை அழைக்கும்போது ஓசை தன் அளவைத் தாண்டி நீளும் என்று தொல்காப்பியத்தின் விளிமரபே சொல்கிறது. ‘உடன்பிறப்புகளே…’ என்று கடைசி வரிசையைப் பார்த்து நீட்டுங்கள், அப்புறம் நிறுத்துங்கள். மனதுக்குள் மூன்று எண்ணும்வரை பேசாதீர்கள். புதியவர்கள் இந்த இடைவெளிக்குப் பயந்து அடுத்த வாக்கியத்துக்குள் ஓடிவிடுகிறார்கள். அப்போது கூட்டம் பதில் தர இடமே கிடைக்காது. ஸ்டாண்டு மைக் கிடைத்தால் அதையே கேட்டு வாங்குங்கள். கை இரண்டும் சும்மா இருந்தால் கும்பிட்டு அழைக்கலாம்.

அடுத்த குடிநீர்க் கூட்டத்தில் நான் சொன்னது இது: ‘குடத்தோடு வந்திருக்கும் தாய்மார்களே, பெரியவர்களே, என் அன்பு உடன்பிறப்புகளே…’ முன்வரிசை இந்த முறை திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு அம்மா, ‘சொல்லுப்பா’ என்றார்.

பிற்சேர்க்கை: ‘பேச்சு முழுக்க உடன்பிறப்புகளே என்று சொல்லலாமா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வேண்டாம். இரண்டு வரிக்கு ஒருமுறை வந்தால் அது மூச்சு வாங்கும் இடமாகத்தான் காதில் விழும். தொடக்கத்தில் ஒன்று, கோரிக்கையை வைக்கும் இடத்தில் ஒன்று, அவ்வளவுதான். இன்னொருவர், தன் சங்கத்தில் ‘தோழர்களே’ என்றுதான் அழைப்பார்கள் என்றார். அங்கே அதை மாற்றாதீர்கள். அவர்கள் ஒருவரையொருவர் அழைக்கும் சொல்லே அதுதானே.