ஆபத்து பின்னாலும் இருக்கிறது: டனல் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வாளையார் பக்கத்திலிருந்து டனல் வேலைக்குப் போகிற தமிழ் ஆட்களுக்கு முதல் நாளே ஒன்றைச் சொல்லித் தருவார்கள்: ஃபேஸில் கவனமாக இரு. ஃபேஸ் என்பது பாறையைக் குடைந்துகொண்டிருக்கும் முனை. அங்கேதான் துளை போடுகிறோம், வெடி வைக்கிறோம், தொங்கும் கல்லைத் தட்டி இறக்குகிறோம். அந்த எச்சரிக்கை சரிதான். ஆனால் அதை மட்டும் கேட்டுப் பழகியவர்கள், ஏற்கெனவே குடைந்து, கான்கிரீட் தெளித்து, வெளிச்சமும் போட்டுவிட்ட பகுதியைப் பத்திரமான இடம் என்று நம்பிவிடுகிறார்கள். பெரிய விபத்துகளில் சில அந்த நம்பிக்கைக்குள்ளேதான் நடந்திருக்கின்றன.

உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். 2023 நவம்பர் 12, தீபாவளி நாள் அதிகாலை. வாயிலிலிருந்து 200 மீட்டருக்குச் சற்று உள்ளே கூரை சரிந்தது. அது புதிதாக வெட்டிய இடமில்லை. முன்பே குடைந்த பகுதியைத் திருத்தி வெட்டும் வேலை அங்கே நடந்துகொண்டிருந்தது. ஃபேஸ் இன்னும் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் உள்ளே. அந்தப் பக்கம் இருந்த 41 பேருக்கு ஒரு காயமும் இல்லை, ஆனால் வெளியே வரும் ஒரே வழி சுமார் 60 மீட்டர் இடிபாட்டால் அடைபட்டுவிட்டது. நவம்பர் 28 அன்றுதான் மீட்டார்கள். அந்தத் திட்டத்துக்கு 2018இல் மத்திய அமைச்சரவைக் குழு கொடுத்த ஒப்புதலிலேயே தப்பிக்கும் பாதை சேர்ந்திருந்தது. சரிந்த அன்று உள்ளே இருந்தவர்களுக்கு அப்படி ஒரு வழி இல்லை.

நம் பக்கத்துக்கு இது தூரத்துக் கதை இல்லை. பாலக்காட்டுக் கணவாய் இருக்கும் இடமே ஒரு பெரிய வெட்டு மண்டலம். நிலத்தட்டின் துண்டுகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த பழைய தடம் அது. இங்கே பாறை கெட்டி என்று எல்லோரும் சொல்வது பெரும்பாலும் உண்மைதான், உளி வைத்தால் தீப்பொறி பறக்கும். ஆனால் அந்தக் கெட்டிப் பாறைக்கு நடுவே நொறுங்கிய கல்லும் களிமண்ணும் அடைத்த பட்டைகள் குறுக்கே வரலாம். ஒரு ரவுண்டில், அதாவது ஒருமுறை துளைத்து வெடித்து முன்னேறுவதில், நல்ல பாறை, அடுத்த ரவுண்டில் கையால் கிள்ளினால் உதிர்கிற மண். குதிரான் டனலில் வாகனம் ஓடுவதைப் பார்த்துவிட்டு, கேரளப் பாறையில் டனல் சுலபம் என்று முடிவுகட்டக் கூடாது.

பாறை மாறியும் ரவுண்டு நீளத்தை மாற்றாதது

தாங்கல் இல்லாமல் பாறை எவ்வளவு நேரம் நிற்கும் என்பதற்குப் பாறைத்தர மதிப்பீட்டில் ஒரு கணக்கு உண்டு. இரண்டாம் தரப் பாறை, 10 மீட்டர் அகலத்துக்கு, ஓராண்டு வரை நிற்கலாம். நான்காம் தரமானால் வெறும் 2.5 மீட்டர் அகலத்துக்கே 10 மணி நேரம்தான். இது தோராயக் கணக்கு, ஆனால் இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். நல்ல பாறையில் ஒரு வெடிக்கு 3 மீட்டர் போய்ப் பழகிய குழு, மோசமான பட்டைக்குள் நுழைந்த பிறகும் அதே 3 மீட்டரைத் துளைத்தால் தாங்கலுக்கு நேரமே இருக்காது. அங்கே ஒரு மீட்டர், தேவைப்பட்டால் அதற்கும் குறைவு. வெடித்ததும் முதல் படலம் ஷாட்கிரீட், அதாவது தெளிக்கும் கான்கிரீட். அப்புறம்தான் வலைக்கம்பியும் வளைவுக் கம்பியும் பாறைக்குள் அடிக்கும் போல்ட்டும்.

இதிலேயே இன்னொரு தவறு ஒட்டிக்கொண்டு வரும். தெளித்த கான்கிரீட் சாம்பல் நிறமாகக் காய்ந்துவிட்டால் அடியில் போகலாம் என்று நினைப்பார்கள். நிறத்தை வைத்துப் பலத்தைச் சொல்ல முடியாது. 1 மெகாபாஸ்கல் பலம் வந்த பிறகே ஆளை அனுப்புவது பல தளங்களில் வழக்கம். ஊசிமானி வைத்துக் குத்திப் பார்த்தால் ஓரிரு நிமிடத்தில் தெரிந்துவிடும். குளிர்ந்த தண்ணீர் கசிகிற இடத்தில் அந்தப் பலம் வர அதிக நேரம் பிடிக்கும். அங்கே வடிகால் துளை போடாமல் மேலேமேலே தெளித்தால், பின்னால் தேங்கும் நீரழுத்தமே படலத்தைப் பெயர்த்துத் தள்ளும்.

"அது நின்னுடுச்சு" என்று திருத்தி வெட்டப் போவது

மோசமான பட்டையைத் தாண்டி 400 மீட்டர் போன பிறகு சர்வேயர் வந்து, பின்னால் கூரை 20 சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது, இறுதி லைனிங், அதாவது உள்சுவர்க் கான்கிரீட், போட இடம் போதாது என்பார். அந்த இடத்தைச் சுரண்டிப் பெரிதாக்க வேண்டும். ஃபோர்மேன் பலரும் இதை ஒரு ஒப்பனை வேலை போலப் பார்க்கிறார்கள். "அது நின்னுடுச்சு அண்ணா, மாசக்கணக்கா நிக்குது" என்பதே பதிலாக இருக்கும். என் கணக்கில் முழு டனலிலும் மிகவும் பயப்பட வேண்டிய வேலை இதுதான். கூரை 20 சென்டிமீட்டர் இறங்கியது என்றால் மலை அங்கே தாங்கலை அழுத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்தத் தாங்கலைத்தான் இப்போது வெட்டப் போகிறோம்.

ஒரு எடுத்துக்காட்டு. ஃபேஸ் 640 மீட்டரில். மோசமான பட்டை 210லிருந்து 225 வரை. கூரையில் பதித்த குறிகளின் அளவு முதலில் ஒரு நாளைக்கு 3 மில்லிமீட்டர் இறங்கி, பிறகு 2, 1 என்று குறைந்து, ஏறக்குறைய நின்றே போயிருந்தது. மழை தொடங்கிய பிறகு மீண்டும் நாளுக்கு 1, அடுத்த நாள் 2, அதற்கடுத்த நாள் 3. மொத்தம் 6 மில்லிமீட்டர் என்று பார்த்தால் அற்பம். வேகம் கூடிக்கொண்டே போகிறதே, அதுதான் செய்தி. ஷாட்கிரீட்டில் மயிரிழை விரிசல் நீளவாக்கில் ஓடுகிறதா, போல்ட்டின் தகடு வளைகிறதா, தெளிவாக வடிந்த தண்ணீர் கலங்கலாக வருகிறதா என்று அன்றே பார்க்க வேண்டும். கலங்கல் என்றால் உள்ளே மண் கரைகிறது.

இந்த நிலையில் செய்ய வேண்டியது: முதலில் ஃபேஸில் இருக்கும் ஆட்களை வெளியே கொண்டுவருவது. பலரும் தவறவிடுவது இதைத்தான். 210இல் வெட்டும் குழுவுக்கு ஹெல்மெட், காவலாள், எச்சரிக்கை மணி எல்லாம் இருக்கும். 640இல் துளை போடுகிறவர்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்றே தெரியாது. திருத்தி வெட்டும் ஷிப்டில் ஃபேஸ் வேலையை நிறுத்தினால் முன்னேற்றம் குறையும், ஒப்பந்தக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். பிறகு கூடுதல் போல்ட்டுகளை வெட்டுவதற்கு முன்பே அடித்து, சிமெண்ட் பால் ஏற்றி, ஒரு நேரத்தில் ஒரு வளைவு அளவுக்கு மட்டும் வெட்டி, அதற்குப் புதுத் தாங்கல் கொடுத்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். கூரை தினமும் இறங்கிக்கொண்டிருந்தால் தொடவே கூடாது.

மெட்ரோவிலும் இதற்குச் சமமான இடம் உண்டு. டனல் குடையும் எந்திரம் வளையம் வளையமாகப் போட்டுவிட்டுப் போன கான்கிரீட் லைனிங்கை உடைத்து, இரண்டு குழாய்களுக்கும் நடுவே குறுக்குப் பாதை குடைகிற இடம். அங்கே மண்ணை முன்பே கெட்டிப்படுத்தி, தண்ணீர் வருகிறதா என்று சோதனைத் துளை போட்டுப் பார்க்காமல் வளையத்தை வெட்டக் கூடாது.

வெடிப்புகை போய்விட்டது என்று கண்ணால் முடிவு செய்வது

காற்று வெளியிலிருந்து டக்ட் என்ற காற்றுக்குழாய் வழியாக ஃபேஸுக்குத் தள்ளப்படுகிறது. அழுக்குக் காற்று டனல் வழியாகவே திரும்பி வருகிறது. அதே 640 மீட்டர் டனலின் குறுக்குவெட்டு 80 சதுர மீட்டர் என்று வையுங்கள். டக்ட் முனையில் நொடிக்கு 24 கன மீட்டர் காற்று வந்தால், டனலில் திரும்பும் காற்றின் வேகம் நொடிக்கு 0.3 மீட்டர். வெடிப்புகை வாயிலை வந்து சேர 35 நிமிடத்துக்கு மேல் ஆகும். பதினைந்து நிமிடம் கழித்து உள்ளே போகிறவர்கள் பாதி வழியில் அதற்குள்ளேயே நடப்பார்கள். 300 மீட்டர் பின்வாங்கி உள்ளேயே உட்கார்ந்திருப்பவர்களிடம் புகையே வந்து சேரும். வெடிக்கும்போது முழுதாக வெளியே வருவதுதான் சரி.

தூசி அடங்கினாலும் கார்பன் மோனாக்சைடு அங்கேயே இருக்கலாம். அதற்கு நிறமும் மணமும் இல்லை. நைட்ரஜன் டை ஆக்சைடு மூக்கை எரிக்கும், ஆனால் நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தே தெரியலாம். "அப்போ ஒண்ணும் ஆகல" என்று வீட்டுக்குப் போய்ப் படுத்தவர் இரவில் மூச்சுத் திணறுவது இப்படித்தான். மீட்டரோடு ஒருவர் முன்னே போய் அளந்து சொல்லும்வரை மற்றவர்கள் நிற்க வேண்டும். டக்ட் முனையையும் பாருங்கள். வெடியில் கிழியும் என்று பின்னால் இழுத்துக் கட்டி, அப்படியே விட்டுவிடுவார்கள். குறுக்குவெட்டின் வர்க்கமூலத்தை ஐந்தால் பெருக்குவது ஒரு நடைமுறை அளவு. இந்த டனலுக்கு அது சுமார் 45 மீட்டர். அதைவிடப் பின்னால் போனால் நல்ல காற்று ஃபேஸைத் தொடாமலே திரும்பிவிடும்.

நடுவில் ஒரு லோடர் தீப்பற்றினால் உடனே ஃபேனை நிறுத்த ஓடுவது இன்னொரு தவறு. ஃபேன் ஓடும்வரை புகை வாயில் பக்கம் போகும், ஃபேஸ் ஆட்களுக்கு நல்ல காற்று வந்துகொண்டிருக்கும். நிறுத்தினால் புகை அவர்கள் பக்கமும் பரவும். ஆனால் துணி டக்ட் நெருப்பில் எரிந்து அறுந்தால் அந்தக் காற்றும் நிற்கும். அதனால்தான் ஃபேஸில் ஆளுக்கொரு சுயமீட்பு மூச்சுக் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வாயிலில் உள்ள அலமாரியில் பூட்டி வைத்தால் பயனில்லை.

தப்பிக்கும் வழியைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்பது

இரட்டைக் குழாய் டனலில் குறுக்குப் பாதைதான் தப்பும் வழி. இரண்டு குழாயும் முடியட்டும், அப்புறம் திறக்கலாம் என்று தள்ளிப்போட்டால், கட்டுமானக் காலம் முழுக்க உள்ளே இருப்பவர்களுக்கு அது வரைபடத்தில் மட்டுமே இருக்கும். 2025 பிப்ரவரி 22 அன்று தெலங்கானாவின் ஸ்ரீசைலம் இடதுகரைக் கால்வாய்ச் சுரங்கத்தில், ஏறக்குறைய 14 கிலோமீட்டர் உள்ளே, தண்ணீரும் சேறும் பாய்ந்து 8 பேர் சிக்கினார்கள். உள்ளே போகவும் வரவும் ஒரே வாய்தான் இருந்தது.

ஒற்றைக் குழாயானால், மோசமான பட்டைக்கு வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கம் வரை, ஓர் ஆள் தவழ்ந்து வரும் அளவுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் விட்டமுள்ள கெட்டிக் குழாயைச் சுவரோரம் போட்டுவிடலாம். சில்க்யாராவில் மீட்புக்காகக் கடைசியில் இடிபாட்டுக்குள் தள்ளியதும் அதே அளவுக் குழாய்தான். முன்பே கிடந்தால் சில மணி நேரத்து வேலை, சரிந்த பிறகு 17 நாள். அந்தக் குழாய் பட்டையை முழுதாகத் தாண்டி இரண்டு பக்கமும் நீண்டிருக்க வேண்டும், லாரி திரும்ப இடைஞ்சல் என்று கழற்றி வைக்கக் கூடாது. கூடவே சிறு விட்டக் குழாய் ஒன்றும் வேண்டும். சில்க்யாராவில் முதல் நாட்களில் ஆக்சிஜனும் உலர் உணவும் போனது முன்பே இருந்த 4 அங்குலக் குழாய் வழியாகத்தான். சூடான சாப்பாடு போக 6 அங்குலக் குழாய் உள்ளே போய்ச் சேரும்வரை, நவம்பர் 20 வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

புதுத் தளத்தில் சேர்கிறவர் முதல் ஷிப்டிலேயே ஃபோர்மேனிடம் கேட்க வேண்டியவை: பின்னால் மோசமான பட்டை எத்தனையாவது மீட்டரில், அங்கே நேற்றைய அளவு என்ன, தப்பும் குழாயின் உள்முனை இன்று எங்கே இருக்கிறது. உள்ளே இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையும் வாயிலில் தொங்கும் பெயர்ப்பலகைகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று வாயிலில் நிற்பவரிடமும் கேட்கலாம். இதற்கெல்லாம் "அது உனக்கெதுக்கு" என்று பதில் வந்தால், அந்த ஷிப்டில் உள்ளே போகாதீர்கள். ஒரு நாள் கூலி போனால் போகட்டும்.