ஒரு ரெய்டரின் சீசன் கணக்கு: ஸ்ப்ரெட்ஷீட்டில் எழுதுவது எப்படி

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் சம்பா அறுவடை முடிந்ததும் மின்னொளி கபடிப் போட்டிகள் தொடங்கிவிடும். குறுவைக்கு மேட்டூர் திறக்கிற ஜூன் மாதம் வரை வாரம் ஒரு ஊர். இந்த நாலைந்து மாதத்தில் ஒரு பையன் உண்மையில் எப்படி ஆடினான் என்று கேட்டால், கடைசியாக அவன் எடுத்த சூப்பர் ரெய்டைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதனால் எங்கள் அணி ரெய்டர் ஒருவருக்குக் கூகுள் ஷீட்ஸில் கணக்கு எழுதத் தொடங்கினேன். அதே முறையை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். ஆட்டத்துக்கு ஒரு வரி எழுதினால் போதாது, ஒவ்வொரு ரெய்டுக்கும் ஒரு வரி வேண்டும். புதிய ஷீட்டின் முதல் வரியில் A முதல் F வரை இப்படித் தலைப்பு கொடுங்கள்: தேதி, ஆட்டம், வகை, முடிவு, புள்ளி, டூ ஆர் டை.

வகையில் 'ரெய்டு' அல்லது 'டேக்கிள்' வரும். முடிவில் 'வெற்றி', 'வெறும்', 'அவுட்' என்ற மூன்றில் ஒன்று. டேக்கிள் தவறினால் அதுவும் 'அவுட்'தான். இந்தச் சொற்களைக் கையால் அடிக்காதீர்கள். ஒரு நாள் 'ரெய்டு', மறுநாள் 'ரைடு' என்று அடித்தால் அந்த வரி கணக்கில் வராது, ஷீட் எச்சரிக்கவும் செய்யாது. `Data` மெனுவில் `Data validation` போய், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வைத்துவிடுங்கள்.

புதிதாக எழுதுகிறவர்கள் தடுமாறுவது முடிவையும் புள்ளியையும் பிரிப்பதில்தான். எதிரணியில் ஆறு அல்லது ஏழு பேர் நிற்கும்போது ரெய்டர் போனஸ் கோட்டைத் தாண்டிவிட்டு, திரும்பும்போது பிடிபடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். போனஸ் அவருக்கு, பிடித்த புள்ளி எதிரணிக்கு. நான் அதை முடிவில் 'அவுட்', புள்ளியில் 1 என்று எழுதுகிறேன். புள்ளி இருக்கிறதே என்று வெற்றியில் சேர்த்தால் சதவீதம் பொய்யாக ஏறும். அதேபோல ஆல் அவுட்டுக்கு வருகிற 2 புள்ளி அணிக்கு உரியது. அதை ரெய்டர் பெயரில் போடக்கூடாது.

இப்போது H1 கட்டத்தில் ரெய்டு வெற்றி விகிதம், H2-இல் டேக்கிள் புள்ளி:

```
=COUNTIFS(C:C,"ரெய்டு",D:D,"வெற்றி")/COUNTIFS(C:C,"ரெய்டு")
=SUMIFS(E:E,C:C,"டேக்கிள்")
```

எங்கள் ரெய்டரின் முதல் இரண்டு ஆட்டங்களைப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் 5 ரெய்டு, 4 வெற்றி, 80%. இரண்டாவதில் 20 ரெய்டு, 8 வெற்றி, 40%. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 60% என்றார் அணியில் ஒருவர். ஆனால் மொத்தம் 25 ரெய்டில் 12 வெற்றி, அதாவது 48%. ரெய்டுக்கு ஒரு வரி எழுதினால் இந்தத் தவறு நேராது.

டேக்கிளில் அவர் 4 முறை முயன்று 2 முறை பிடித்தார். ஒன்று, நம் பக்கம் மூன்று பேர் மட்டும் நின்றபோது பிடித்த சூப்பர் டேக்கிள், அதற்கு 2. ஆக மொத்தம் 3 புள்ளி. நாலு முயற்சியை வைத்து 50% என்று பேசுவதில் அர்த்தமில்லை. ரெய்டருக்குப் புள்ளியை மட்டும் பார்த்தால் போதும். சங்கிலியாகப் பலர் சேர்ந்து மடக்கும்போது, முதலில் பிடித்தவர் பேரில் எழுதுவது என் வழக்கம். எப்படி வைத்தாலும் சீசன் நடுவில் மாற்றாதீர்கள்.

அப்புறம் F நெடுவரிசை. தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுமையாகப் போனால் அணியின் மூன்றாவது ரெய்டு டூ ஆர் டை. புள்ளி எடுக்காமல் திரும்பினால் அவுட். அந்த வரியில் 'ஆம்' என்று போடுங்கள். அதில் 'வெறும்' என்ற முடிவே வர முடியாது என்பதால், இது நல்ல சோதனையும்கூட:

```
=COUNTIFS(D:D,"வெறும்",F:F,"ஆம்")
```

பூஜ்யம் வராவிட்டால் எங்கோ தவறாக எழுதியிருக்கிறீர்கள். சில ஊர்ப் போட்டிகளில் இந்த விதி இல்லாமல் ஆடுவதுண்டு, தொடங்கும் முன்பே நடுவரிடம் கேட்டுவிடுங்கள்.

எங்கள் ரெய்டரின் 25 ரெய்டில் 7 வெறும், 6 அவுட். F-ஐப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. டூ ஆர் டை 5, அதில் 1 வெற்றி, 4 அவுட். மற்ற 20 ரெய்டில் 11 வெற்றி, 2 முறைதான் அவுட். அவருக்குக் காத்திருந்து ஆடுகிற ஆட்டம் வருகிறது. வந்தே ஆகவேண்டும் என்று எதிரணிக்குத் தெரிந்த ரெய்டில்தான் கார்னர் ஆட்டக்காரர் கணுக்காலைப் பிடித்துவிடுகிறார். ஆனால் ஐந்து ரெய்டு மிகக் குறைவு. இருபது ரெய்டாவது சேரட்டும், பிறகு மூன்றாவது ரெய்டுக்கு வேறு ஆளை அனுப்பலாமா என்று பயிற்சியாளரிடம் பேசலாம் என்று நினைத்திருக்கிறேன்.