வாசல் லைட் எரியும்: ஒரு ஹோட்டல் டேக்லைனை தமிழுக்கு கொண்டு வர்றது எப்படி

ஹோட்டல் டேக்லைன் ஒன்னு மொழிபெயர்க்க வந்தா புதுசா இந்த வேலைக்கு வர்றவங்க என்ன பண்றாங்கன்னா, அஞ்சாறு வார்த்தைதானே, பத்து நிமிஷத்துல முடிச்சிடலாம்னு உக்காந்து வார்த்தைக்கு வார்த்தை மாத்தி அனுப்பிடறாங்க. இலக்கணத்துல குறையே இருக்காது, ஆனா படிக்கிறவங்களுக்கு மனசுல ஒன்னுமே தோணாது. அதனால இங்க ஒரே ஒரு வரியை எடுத்துக்கிட்டு, முதல் தடவை படிக்கிறதுல இருந்து கிளையன்ட்டுக்கு அனுப்புற வரைக்கும் நான் எப்படி பண்ணுவேனோ அப்படியே காட்டறேன்.

அமெரிக்காவுல மோட்டல் 6-ன்னு ஒரு செயின் இருக்கு. 1962-ல கலிஃபோர்னியாவுல சான்டா பார்பராவுல ஆரம்பிச்சாங்க, அப்போ ஒரு ராத்திரிக்கு ரூம் வாடகை 6 டாலர், அதான் பேர்லயே 6 இருக்கு. நெடுஞ்சாலை ஓரமா காரை நிறுத்திட்டு தூங்கி எந்திரிச்சு கிளம்பற இடம், ஆடம்பரம் எதுவும் கிடையாது. 1986-ல இவங்களுக்கு ரேடியோ விளம்பரம் பேசினவர் டாம் போடெட், அப்போ அலாஸ்காவுல ஹோமர்ங்கற சின்ன ஊர்ல இருந்தவர். ரெக்கார்டிங்ல கடைசில சில செகண்ட் மிச்சம் இருந்ததால ஸ்கிரிப்ட்ல இல்லாத ஒரு வரியை அவரே சேத்து சொல்லிட்டார்: "வீ வில் லீவ் த லைட் ஆன் ஃபார் யூ". அதுவே அவங்க டேக்லைனா நின்னுடுச்சு. 2024-ல இந்த செயினை நம்ம நாட்டு ஓயோ கம்பெனி வாங்கினது நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். இந்த வரியை தமிழ்ல கேட்டாங்கன்னு வெச்சுக்குவோம்.

படி 1: வரியை மூடிட்டு காட்சியை எழுதுங்க

டிக்‌ஷனரியை இப்போ தொடாதீங்க. ஒரு பேப்பர்ல மூணே கேள்விக்கு பதில் எழுதுங்க: இதை யார் சொல்றாங்க, யார்கிட்ட சொல்றாங்க, எந்த நேரத்துல சொல்றாங்க.

அமெரிக்க வீடுங்கள்ல முன்பக்கம் திண்ணை மாதிரி ஒரு இடம் இருக்கும், அங்க ஒரு லைட் இருக்கும். வீட்டுல ஒருத்தர் வர லேட்டாகும்னா மத்தவங்க அந்த லைட்டை போட்டுட்டு தூங்கப் போவாங்க. இருட்டுல சாவியை தடவிக்கிட்டு நிக்க வேணாம், அவ்ளோதான். ஆனா தெருமுனையில திரும்பும்போதே அந்த லைட் கண்ணுல பட்டா, நம்மளை நினைச்சுக்கிட்டு ஒரு வீடு இருக்குன்னு ஒரு நிம்மதி வரும் பாருங்க, இந்த வரியோட உயிரே அதுதான். அதனால என் பேப்பர்ல நான் இப்படி எழுதினேன்: "வீட்டுல இருக்கறவங்க, வெளிய போன பிள்ளைகிட்ட, ராத்திரி லேட்டாகும்னு தெரிஞ்ச நேரத்துல: நீ எப்ப வந்தாலும் சரி, உன்னை மறந்துட்டு தூங்கிட மாட்டோம்."

இன்னொன்னையும் கவனிங்க, இந்த வரி எவ்ளோ சின்னதா ஒரு வாக்கு குடுக்குது. சொகுசுன்னு சொல்லல, மறக்க முடியாத அனுபவம்னு சொல்லல, ஒரு லைட் எரியும்னு மட்டும்தான் சொல்லுது. விலை கம்மியான இடம் அதுக்கு மேல பேசினா யாரும் நம்பவும் மாட்டாங்க. அதனால தமிழ்லயும் பெரிய வார்த்தை எதுவும் உள்ள வரக்கூடாதுன்னு பேப்பர் ஓரத்துல குறிச்சுக்கிட்டேன்.

படி 2: நேரடியா ஒரு தடவை எழுதி, எங்க உடையுதுன்னு பாருங்க

"நாங்கள் உங்களுக்காக விளக்கை எரியவிடுவோம்." வாய்விட்டு படிங்க. "எரியவிடுவோம்"னா தெரியாம எரிஞ்சுக்கிட்டு கிடக்குற மாதிரி இருக்கு, கரன்ட் பில் பத்தின பேச்சு மாதிரி இருக்கு. "உங்களுக்காக"ங்கற வார்த்தை சோப்புல இருந்து சீட்டு கம்பெனி வரைக்கும் எல்லா விளம்பரத்துலயும் வந்து தேஞ்சு போச்சு, அதை கேட்டதும் காது தானா மூடிக்கும். "நாங்கள்"னதும் ஒரு ஆபீஸ் பேசுது, வீடு பேசல.

சரி, "விளக்கேற்றி வைத்திருப்போம்"னு அழகா மாத்தலாமான்னா, அங்கதான் பெரிய சிக்கல். விளக்கேத்தறதுன்னா நமக்கு சாயங்கால பூஜை ஞாபகம் வரும், இல்லன்னா இறந்தவங்க தலைமாட்டுல ஏத்தி வெக்கிற விளக்கு ஞாபகம் வரும். ராத்திரி தனியா வண்டி ஓட்டிட்டு வர்றவருக்கு சொல்ற வரியில இந்த ரெண்டாவது நினைப்பு ஒரு துளி கூட எட்டிப் பாக்கக்கூடாது. இங்கிலீஷ்ல ஒரே வார்த்தையில அடங்கறது நமக்கு விளக்கு, லைட், வெளிச்சம்னு மூணா பிரியுது, ஒவ்வொன்னுக்கும் வேற வேற வீடு, வேற வேற நேரம்.

படி 3: அதே காட்சியில நம்ம வீட்டுல என்ன சொல்வாங்கன்னு காதால தேடுங்க

எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம் இதுதான், இதுக்கு ஒரு நாள் முழுசா ஒதுக்குங்க. வீட்டுல ஒருத்தர் வர லேட்டாகுதுன்னா அம்மா என்ன சொல்வாங்க, அத்தை என்ன சொல்வாங்கன்னு யோசிச்சு, சொன்னபடியே எழுதுங்க, திருத்தாதீங்க. எனக்கு வந்தது இவ்ளோ:

"சாப்பாடு மூடி வெச்சிருக்கேன், வந்து போட்டுக்க."
"கதவு சும்மாதான் சாத்தியிருக்கு, தள்ளிட்டு வா."
"எவ்ளோ நேரமானாலும் வந்துடு."
"பாத்து மெதுவா வா, நான் முழிச்சிட்டுதான் இருப்பேன்."
"வாசல் லைட்டை அணைக்காதீங்க, பையன் இன்னும் வரல."

படி 4: ஹோட்டலால அதை காப்பாத்த முடியுமான்னு பாருங்க

இந்த அஞ்சுல பாசம் அதிகம் எதுலன்னா சாப்பாட்டு வரியிலதான், நானும் முதல்ல அதுலதான் மயங்கினேன். ஆனா மோட்டல் 6-ல பொதுவா ரெஸ்டாரன்ட்டே கிடையாது. பத்து மணி நேரம் ஓட்டிட்டு பசியோட வந்து இறங்கறவர் கேட்டா என்ன பதில் சொல்றது? அதுவும் தமிழ்நாட்டுல ஹோட்டல்னாலே முதல்ல சாப்பிடற இடம்தான், தங்கறதுக்கு லாட்ஜ்னு தனியா சொல்றோம், அப்போ சாப்பாட்டை டேக்லைன்ல வெச்சா இது மெஸ்ஸுனே முடிவு பண்ணிடுவாங்க. ரொம்ப அழகான வரிதான், ஆனாலும் எடுத்துடணும்.

கதவு வரியும் ஆகாது. வீட்டுல தாழ் போடாத கதவுன்னா பாசம், தங்கற இடத்துல தாழ் போடாத கதவுன்னா பயம். பழைய மோட்டல்கள்ல ரூம் கதவு நேரா கார் நிறுத்தற இடத்தைப் பாத்து திறக்கும், அங்க போய் "தள்ளிட்டு வாங்க"ன்னு எழுத முடியுமா. முழிச்சிருக்கற வரி நல்லாதான் இருக்கு, ராத்திரி ரிசப்ஷன்ல ஆள் இருக்காங்கங்கறதுக்கும் பொருந்துது, ஆனா ஒரு ஹோட்டல் வாயில இருந்து வரும்போது நம்மளை கண்காணிக்கற மாதிரி லேசா ஒரு வாடை அடிக்குது. "எவ்ளோ நேரமானாலும்"ங்கறது தனியா நிக்காது, கூட ஒன்னு வேணும். மிச்சம் இருக்கறது வாசல் லைட்.

இதுல எனக்கு சந்தோஷம் என்னன்னா, சுத்தி சுத்தி திரும்பவும் லைட்டுக்கே வந்துட்டோம், ஆனா இப்போ அது நம்ம வாசல்ல எரியுது.

படி 5: வரியா கோர்த்துப் பாருங்க

"வாசல் லைட்டை அணைக்க மாட்டோம்." இதுல சண்டைக்கு நிக்கற தொனி இருக்கு, யாரோ அணைக்க சொன்ன மாதிரி.

"எவ்ளோ லேட்டானாலும் வாசல் லைட் எரியும்." பரவால்ல, ஆனா "லேட்"னு சொன்னதும் லேசா குத்திக் காட்டற மாதிரி ஆகிடுது.

"நீங்க வர்ற வரைக்கும் வாசல் லைட் எரியும்." இதை நாலு தடவை சொல்லிப் பாருங்க. வர்ற, வரைக்கும், வாசல்னு மூணு இடத்துல வகரம் வரிசையா விழுது, மோனை தானா அமைஞ்சிடுச்சு. "நாங்க"வும் இல்ல, "உங்களுக்காக"வும் இல்ல, ஆனா ரெண்டோட அர்த்தமும் உள்ள இருக்கு, ஏன்னா நீங்க வர்ற வரைக்கும்தான் எரியும்னா அது உங்களுக்காக இல்லாம வேற யாருக்கு. "நீ வர்ற வரைக்கும்"னா பாசம் இன்னும் கூடும், ஆனா முன்ன பின்ன தெரியாத பெரியவரை ஒரு கம்பெனி நீன்னு சொல்லக் கூடாது.

போர்டுல பேச்சுத்தமிழ் வேணாம்னு சில கிளையன்ட் சொல்வாங்க, அதுக்காக "நீங்கள் வரும்வரை வாசல் விளக்கு எரியும்"னு எழுத்துத்தமிழ்லயும் ஒன்னு தயாரா வெச்சுக்குங்க. வாசல்னு முன்னால சேத்துட்டதால விளக்குங்கற வார்த்தையும் இப்போ பயமில்லாம நிக்குது. இலங்கை வாசகர்களுக்குன்னா "வர்ற" வேணாம், அங்க "வாற"ன்னு சொல்வாங்க, அதனால எழுத்து வடிவமே பாதுகாப்பு.

படி 6: மூணு பேர்கிட்ட சொல்லிப் பாருங்க

மூல வரியை காட்டாதீங்க, எழுதியும் காட்டாதீங்க, வாயால சொல்லுங்க. "நல்லா இருக்கா"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க. "இதை யார் சொல்ற மாதிரி இருக்கு"ன்னு கேளுங்க. அம்மா, பாட்டி, வீட்டுல ஒருத்தர்னு பதில் வந்தா சரி, "ஏதோ விளம்பரம்"னு வந்தா படி 3-க்கு திரும்பிப் போங்க.

இந்தப் படியை நான் ஒரு தடவை விட்டுட்டேன். ஒரு மலை ஊர் ரிசார்ட்டுக்கு வேலை, வெளியூர்லயும் நம்ம வீடு மாதிரின்னு அர்த்தம் வர்ற டேக்லைன், நான் "உங்கள் இரண்டாவது வீடு"ன்னு எழுதி அனுப்பிட்டேன். அங்க வேலை செய்யற ஒரு அக்கா பாத்துட்டு, "தம்பி, குடும்பத்தோட வர்றவங்க இதை எப்படி படிப்பாங்க"ன்னு கேட்டாங்க. நம்ம ஊர்ல சின்ன வீடு, ரெண்டாவது வீடுன்னா என்ன அர்த்தம்னு எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனா மொழிபெயர்க்கும்போது இங்கிலீஷ் வரியையே பாத்துக்கிட்டு இருந்ததால அது கண்ணுலயே படல. பிரின்ட்டுக்கு போறதுக்கு முன்னாடி மாத்த முடிஞ்சது அந்த அக்காவாலதான்.

படி 7: கிளையன்ட்டுக்கு அனுப்பறது

தமிழ் தெரியாத கிளையன்ட்டுக்கு தமிழ் வரியை மட்டும் அனுப்பினா அவங்களால எதையும் முடிவு பண்ண முடியாது. ரெண்டு மூணு வரி அனுப்புங்க, ஒவ்வொன்னுக்கும் கீழ அதை திரும்ப அவங்க மொழியில வார்த்தைக்கு வார்த்தை எழுதிக் குடுங்க, இதை பேக் டிரான்ஸ்லேஷன்னு சொல்வாங்க. இதை மட்டும் அழகுபடுத்தாம, இருக்கறபடியே குடுக்கணும். அதுக்கும் கீழ என்ன சேத்தீங்க, என்ன எடுத்தீங்க, ஏன்னு ரெண்டு வாக்கியம். நம்ம வரிக்கு: "வாசல் சேத்திருக்கேன், ஏன்னா வெறும் லைட்டுன்னா தமிழ்ல வீடு தெரியாது. நாங்கள்ங்கறதை எடுத்திருக்கேன், ஏன்னா அது ஆபீஸ் தொனி." உங்களுக்கு எது பிடிச்சிருக்குன்னும் சொல்லிடுங்க.

கூட என்ன படம் வரப்போகுதுன்னு கட்டாயம் கேளுங்க. பளிச்னு பகல் வெளிச்சத்துல எடுத்த நீச்சல்குளம் படத்துக்கு மேல இந்த வரியை போட்டா ராத்திரியும் இல்ல, வாசலும் இல்ல, வரி செத்துடும். அப்படித்தான் பண்ணப் போறாங்கன்னா இப்பவே எழுதி அனுப்புங்க. பில்லை வார்த்தைக்கு இவ்ளோன்னு போடாதீங்க, அஞ்சு வார்த்தைக்கு ஒரு டீக்காசுதான் வரும், இந்த மாதிரி வேலைக்கு மணிக்கணக்குல இல்லன்னா மொத்தமா ஒரு தொகைன்னு வேலையை எடுக்கும்போதே பேசிக்குங்க.