வரிசை வீட்டில் ரவுட்டர் ஆண்டெனாவைத் திருப்பும்போது நேரும் தவறுகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உள்ள இரண்டு மாடி வரிசை வீடுகளில் ஃபைபர் கம்பி பெரும்பாலும் முன்கூடத்தில்தான் வந்து முடிகிறது. ரவுட்டரும் அங்கேயே, தொலைக்காட்சி மேசையின் மீது அமர்ந்துவிடுகிறது. கூடத்துக்கு நேர் மேலே இருக்கும் அறையில் இணையம் தடுமாறும்போது, ஆண்டெனாவின் நுனியை அந்த அறையை நோக்கி நிமிர்த்துவதே பலர் முதலில் செய்யும் காரியம். தவிர்க்க வேண்டிய முதல் தவறும் அதுவே.

வீட்டு ரவுட்டர்களில் உள்ள குச்சி ஆண்டெனா தன் நுனியிலிருந்து அலையைப் பாய்ச்சுவதில்லை. தன் பக்கவாட்டில்தான் சுற்றிலும் பரப்புகிறது. உளுந்து வடையின் துளைக்குள் குச்சியைச் செருகியதாக வைத்துக்கொண்டால், வடை இருக்கும் இடமெல்லாம் அலை வலுவாக இருக்கும். குச்சியின் இரு நுனிகளும் நீளும் திசையில் மிகக் குறைவாக இருக்கும். எனவே செங்குத்தாக நிற்கும் ஆண்டெனா அதே தளத்தின் அறைகளுக்கு நன்றாக உதவும். நேர் மேலே உள்ள அறையோ அதன் பலவீனமான திசையில் அகப்பட்டுக்கொள்ளும். போதாக்குறைக்கு இடையில் கம்பி வைத்த கான்கிரீட் தளமும் இருக்கிறது.

இதை அறிந்தவர்கள் ஓர் ஆண்டெனாவைக் கிடையாகச் சாய்த்துவிடுகிறார்கள். அது சரியான வழிதான். ஆனால் எந்தப் பக்கமாகச் சாய்ப்பது என்பதில் அடுத்த தவறு நேர்கிறது. வரிசை வீடு அகலம் குறைந்தது, நீளம் மிகுந்தது. 20 அடிக்கு 70 அடி என்பது வழக்கமான மனை அளவு. கிடையான ஆண்டெனாவை வாசலிலிருந்து சமையலறையை நோக்கி நீளுமாறு வைத்தால், அதன் பலவீனமான திசை வீட்டின் முழு நீளத்திலும் விழுகிறது. அதையே இடவலமாக, அண்டை வீட்டுச் சுவர்களை நோக்கிப் படுக்க வைத்தால், பலவீனமான திசை நமக்குத் தேவையில்லாத பக்கத்துக்குப் போய்விடும். வலுவான பகுதி மேலேயும் பின்புறமும் பரவும். ஆண்டெனாவின் கீல் அந்தப் பக்கம் மடங்காவிட்டால் ரவுட்டரையே கால் சுற்று திருப்பி வைக்கலாம்.

எல்லா ஆண்டெனாக்களையும் படுக்க வைப்பதும் வேண்டாம். கீழ்த்தளத்துக்கு ஒன்றாவது நிமிர்ந்து நிற்கட்டும். சில ரவுட்டர்களில் ஒவ்வோர் ஆண்டெனாவும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரு பட்டைகளுள் ஒன்றுக்கு மட்டும் உரியதாக இருக்கும் என்பதால், சாய்த்தும் பயன் தெரியாவிட்டால் அதை நிமிர்த்திவிட்டு மற்றொன்றைச் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

மாடியின் பின்னறைக்கும் இதே மருந்து என்று எண்ணுவது இன்னொரு தவறு. அந்த அறை ரவுட்டரிலிருந்து 12 மீட்டர் பின்னாலும் 3 மீட்டர் மேலேயும் இருப்பதாகக் கொண்டால், அலை ஏற வேண்டிய கோணம் சுமார் 14 பாகைதான். செங்குத்தான ஆண்டெனாவே அவ்வளவு சாய்வைத் தாங்கிக்கொள்ளும். அங்கே அலையைக் குறைப்பவை வழியில் குறுக்கிடும் செங்கல் சுவர்களும் தளமும். அவற்றை எந்தத் திருப்பலும் விலக்காது. நீளமான கம்பியிட்டு ரவுட்டரைப் படிக்கட்டின் அருகே நகர்த்துவதே, என் கருத்தில், அதற்கு உரிய தீர்வு.

கைபேசித் திரையின் கோடுகளை எண்ணி முடிவு செய்வதும் ஏமாற்றும். விண்டோஸ் மடிக்கணினி இருந்தால் Command Prompt சாளரத்தில் இந்தக் கட்டளையை இடுங்கள்:

```
netsh wlan show interfaces
```

அதில் Signal என்ற வரி வலுவை விழுக்காட்டில் காட்டும். Channel என்ற வரி எந்தப் பட்டை என்பதைக் காட்டிக்கொடுக்கும். சாதாரண இருபட்டை ரவுட்டரில் 1 முதல் 13 வரையிலான எண் 2.4 கிகாஹெர்ட்ஸ், 36-உம் அதற்கு மேலும் 5 கிகாஹெர்ட்ஸ். 5 கிகாஹெர்ட்ஸ் அலை தளத்தை ஊடுருவுவதில் மேலும் பின்தங்குவதால், மடிக்கணினி தானாகவே 2.4-க்கு மாறி, எண் உயர்ந்ததுபோல் காட்டக்கூடும். முன்பும் பின்பும் ஒரே பட்டையில் எடுத்த அளவுகளை மட்டுமே ஒப்பிட வேண்டும்.

அலைகள் சுவரில் பட்டுத் திரும்பி ஒன்றோடொன்று மோதுவதால், மடிக்கணினியை ஒரு சாண் நகர்த்தினாலே அளவு மாறும். ஆகவே அறையில் நான்கைந்து இடங்களில் அளந்து சராசரி காணுங்கள். எடுத்துக்காட்டாக, மாடி அறையின் சராசரி 48 விழுக்காட்டிலிருந்து 60-க்கு உயர்ந்தால் சாய்த்தது பலித்திருக்கிறது. 48 என்பது 51 ஆனால் அது வெறும் ஊசலாட்டமாகவே இருக்கலாம். அதே வேளையில் சமையலறையின் சராசரியையும் பாருங்கள். அங்கே அளவு கணிசமாக இறங்கியிருந்தால், சாய்த்தவற்றுள் ஒன்றை மீண்டும் நிமிர்த்த வேண்டும்.