ஸ்டைல் போடும் முன் கிராப்: பாட்டியின் மூக்குத்தி எங்கே போகிறது?

ஆடிப்பெருக்கு முடிந்ததும் படித்துறைப் படங்களை வாட்டர்கலர் ஓவியமாகவோ கார்ட்டூனாகவோ மாற்றச் சொல்லிக் கேட்பவர்கள் அதிகம். வரும் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். மேலே பாதி வானம், நடுவில் காவிரி, கீழே படிகள், அந்தப் படிகளில் எங்கோ ஐந்து பேர். இதை அப்படியே ஏ.ஐ. கருவியில் ஏற்றினால் ஆறும் படியும் அழகாக வரும். முகங்கள்தான் யாரோ வேற்று மனிதர்களாகிவிடும். உடனே கருவி சரியில்லை என்பார்கள், ஸ்டைலை மாற்றிப் பார்ப்பார்கள். கோளாறு பெரும்பாலும் அதற்கு முந்தைய வேலையான கிராப்பில்தான் இருக்கிறது.

திருவையாறு படித்துறையில் எடுத்த ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். போனில் எடுத்தது, 4000க்கு 3000 பிக்சல். கீழ்ப்படியில் பாட்டி, அம்மா, சித்தி மூவரும் காப்பரிசித் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒரு முகத்தின் அகலம் சுமார் 150 பிக்சல். போனில் விரலால் பெரிதாக்கிப் பார்த்தால் பாட்டியின் மூக்குத்திகூடத் தெரிகிறது. அதனால்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். கருவி அந்த 4000 பிக்சலையும் பார்ப்பதில்லை. பல கருவிகள் நீண்ட பக்கத்தை 1024 அளவுக்குச் சுருக்கிவிட்டுத்தான் வேலையையே தொடங்குகின்றன. அந்தச் சுருக்கத்தில் 150 பிக்சல் முகம் 38 ஆகிவிடும்.

38 என்றாலும் ஒரு முகம் தெரியுமே என்று தோன்றலாம். ஆனால் ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகைப் பட ஏ.ஐ. மாடல்கள் பிக்சல் பிக்சலாக வரைவதில்லை. படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகச் சுருக்கி, அந்தக் கட்டங்களின் மேல்தான் வேலை செய்கின்றன. 38 பிக்சல் முகத்துக்கு அகலத்தில் ஐந்து கட்டம்கூட முழுசாகக் கிடைக்காது. முகத்தின் அகலத்தில் ஒரு கண் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அப்படியென்றால் ஒரு கண்ணுக்கு ஒரே ஒரு கட்டம். அதற்குள் இமை, கருவிழி, பார்க்கும் திசை எல்லாவற்றையும் வைக்க இடமில்லை. அதனால் மாடல் தனக்குப் பழக்கமான ஏதோ ஒரு கண்ணை அங்கே வரைந்துவிடுகிறது. மூக்குத்தி மறைந்துபோகிறது, பொட்டு புருவத்தோடு ஒட்டிக்கொள்கிறது, சித்தியும் அம்மாவும் இரட்டைப் பிறவிகள்போல ஆகிவிடுகிறார்கள்.

இப்போது அதே படத்தில் ஐவரையும் சுற்றி 1800 பிக்சல் அகலத்துக்கு கிராப் செய்வோம். அது 1024 ஆகச் சுருங்கும்போது முகத்துக்கு 85 பிக்சல் கிடைக்கிறது. ஒரு கண்ணுக்கு இரண்டு கட்டம். பெரிய சொத்தில்லைதான், ஆனாலும் ஆளை அடையாளம் தெரியும். என் அனுபவத்தில் 80க்கு மேல் இருந்தால் நம்பி ஏற்றலாம். 60க்குக் கீழே போனால் ஏற்றுவது வீண்வேலை.

பிக்சலை எண்ண மென்பொருள் எதுவும் வேண்டாம். படத்தின் நீண்ட பக்கத்தில் அந்த முகத்தை வரிசையாக வைத்தால் எத்தனை முகம் பிடிக்கும் என்று கண்ணாலேயே பாருங்கள். பன்னிரண்டு பிடித்தால் ஒரு முகத்துக்கு 1024ல் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 85. முழுப் படத்தில் இருபத்தாறு, இருபத்தேழு பிடிக்கும். அதுதான் அந்த 38.

சரி, நெருக்கி வெட்டிவிட்டால் போதுமா? அடுத்த தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. முகம் மட்டும் போதும் என்று 4:3 அளவில் படுக்கைவாட்டில் வெட்டினால், 1800க்கு 1350 வருகிறது. நிற்பவர்களின் தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டால், கீழ் விளிம்பு உட்கார்ந்திருப்பவர்களின் மடியில், சரியாக விரல்களின் மேல் போய் முடிகிறது. பாதி விரலையும் பாதித் தட்டையும் பார்த்தால் மாடல் குழம்பிவிடும். தட்டை வயிற்றோடு ஒட்டிவிடும், இல்லையென்றால் ஆறாவது விரல் முளைக்கும். ஓரத்தில் யாரோ ஒருவரின் தோள் மட்டும் வந்திருந்தாலும் இதே கதை, அது தூணாகவோ மூட்டையாகவோ மாறும். விளிம்பில் எதுவும் அரைகுறையாக நிற்கக் கூடாது. ஒன்று முழுசாக உள்ளே, இல்லை முழுசாக வெளியே.

இதற்குச் சுலபமான வழி சதுரம். சுருக்கம் நீண்ட பக்கத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது என்பதால், 1800க்கு 1800 என்று வெட்டினாலும் முகத்துக்கு அதே 85 பிக்சல்தான். உயரம் இலவசமாகக் கிடைக்கிறது. கைகள், தட்டு, கீழே இரண்டு படி எல்லாம் உள்ளே வந்துவிடும். தலைக்கு மேல் அரைத் தலை அளவு இடம் போதும். ஐவரையும் நட்ட நடுவில் நிறுத்தாமல், அவர்கள் பார்க்கும் பக்கம் கொஞ்சம் கூடுதலாக விட்டால் அங்கே ஒரு பட்டை ஆற்றுநீர் வரும். “ஆறு முழுக்கத் தெரியணும் அண்ணே” என்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: காவிரி என்று தெரிய ஒரு பட்டை தண்ணீர் போதும், பாட்டி என்று தெரிய முழு முகமும் வேண்டும்.

பிரிண்ட் அளவை முதலிலேயே முடிவு செய்யாததும் ஒரு தவறு. 12க்கு 18 அங்குல பிரேமில் செங்குத்தாக மாட்டப்போகிறீர்கள் என்றால், 1800 அகலத்துக்கு 2700 உயரம் வேண்டும். இப்போது நீண்ட பக்கம் 2700. முகம் 57 பிக்சலுக்கு இறங்கிவிடும். அதைவிட, சதுரமாகவே ஸ்டைல் செய்து, மேலேயும் கீழேயும் வெள்ளை ஓரம் விட்டு அந்த பிரேமில் போடுவது மேல். சதுரத்தைப் பிறகு வெட்டி நீளமாக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால், இரண்டு ஓரத்தில் இருப்பவர்களும் பாதி பாதியாகப் போவார்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்துக் கிராப் செய்வதால் பெரிய பலன் இல்லை. சாதாரணமாக அனுப்பினால் நீண்ட பக்கம் 1600 அளவுக்குச் சுருங்கியிருக்கும்; அந்த 150 பிக்சல் முகம் அப்போதே 60 ஆகிவிட்டது. அதில் ஐவரை மட்டும் வெட்டி 1024க்குப் பெரிதாக்கினால் கணக்கில் 85 வரும், மூக்குத்தி வராது. எடுத்தவரிடம் கேட்டு, டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

தஞ்சாவூர் பெரிய கோயில் படங்களுக்கு மட்டும் கிராப் உதவாது. விமானம் சுமார் 216 அடி. குடும்பத்தை அதன் அடியிலேயே நிறுத்தி, முழு விமானமும் பிரேமில் வரும்படி தூரத்திலிருந்து எடுத்தால், 1024 உயரத்தில் ஒரு முகத்துக்கு இரண்டு, மூன்று பிக்சல்தான் கிடைக்கும். விமானமும் வேண்டும், முகமும் வேண்டும் என்றால் எடுக்கும்போதே குடும்பத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். விமானம் தூரத்தில் பின்னால் நிற்கட்டும், ஆட்கள் இடுப்பளவில் முன்னால் வரட்டும். ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்றால், அந்தப் படத்தைக் கோயில் படமாக மட்டும் ஸ்டைல் செய்யுங்கள். முகங்களுக்கு அன்றைக்குப் பிராகாரத்தில் உட்கார்ந்து எடுத்த வேறு படம் ஒன்று நிச்சயம் போனில் இருக்கும்.