இணைய வேகப் புகாரை உதவி எண்ணுக்கு மேலே கொண்டுபோவது எப்படி?

என் வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. இரவு எட்டு மணியானால் வேகம் 12க்கு இறங்கிவிடும். மூன்று முறை புகார் செய்தேன். மூன்று முறையும் ஆள் பகலில் வந்து சோதித்தார், 92 காட்டியது, "புகார் தீர்ந்தது" என்று குறுஞ்செய்தி வந்தது. கோபத்தில் நேராகத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதினேன். டிராய் தனிநபர் புகாரை விசாரித்துத் தீர்ப்பதில்லை, நிறுவனத்துக்கே அனுப்பிவிடும். ஆனால் டிராய் 2012இல் போட்ட விதிமுறை நமக்கு வேறொரு வழியைத் தருகிறது.

1. முதலில் அளவு

வைஃபையில் அளந்தால் "உங்கள் ரவுட்டர்தான் கோளாறு" என்பார்கள். லேன் கேபிளை லேப்டாப்பில் செருகி, மற்ற கருவிகளை நிறுத்திவிட்டு அளங்கள். ஏழு நாள், காலை 7 மணிக்கும் இரவு 9 மணிக்கும். தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்த மாத டேட்டா வரம்பு தீரவில்லை என்பதற்கும் கணக்குப் பக்கத்தை ஒரு படம் எடுத்துவையுங்கள். தீர்ந்திருந்தால் வேகம் குறைவது திட்டத்திலேயே உள்ளதுதான்.

காலையில் 90, இரவில் 12 என்றால் கேபிளில் பழுது இருக்க வாய்ப்புக் குறைவு. பெரும்பாலும் தெருவில் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் நெரிசல்தான். பகலில் வருபவர் கண்ணுக்கு இது படவே படாது.

2. டாக்கெட் எண்

உதவி எண்ணில் புகார் செய்யும்போது "இரவு 8 முதல் 11 வரை" என்று நேரத்தைச் சொல்லிப் பதியச் செய்யுங்கள். புகாரின் பதிவு எண்தான் டாக்கெட் எண், அது வரும் குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். அது இல்லாமல் அடுத்த படி இல்லை.

3. மேல்முறையீடு

பலருக்குத் தெரியாத படி இதுதான். ஒவ்வொரு நிறுவனத்திலும் மேல்முறையீட்டு அதிகாரி இருக்க வேண்டும். அவருடைய மின்னஞ்சல் tccms.trai.gov.in தளத்தில் கிடைக்கும். கட்டணம் கிடையாது. புகாரைத் தீர்க்க வேண்டிய கெடு முடிந்து 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். நான் எழுதியது:

> "டாக்கெட் எண்கள் மூன்று, இணைப்பில். திட்டம் 100 எம்பிபிஎஸ். ஏழு இரவுகளின் லேன் அளவு 12 முதல் 18. புகார் தீராமலே மூடப்பட்டது. இரவு நேரத்தில் சோதித்துச் சரிசெய்து, எழுத்தில் பதில் தரவும்."

மேல்முறையீட்டு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

4. அதற்கும் மேலே

பதில் வரவில்லை, அல்லது சரியில்லை என்றால் pgportal.gov.in தளத்தில் தொலைத்தொடர்புத் துறையைத் தேர்ந்தெடுத்துப் பதியுங்கள். டாக்கெட் எண், மேல்முறையீட்டு எண், படங்கள் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி இணைத்துவிடுங்கள். பணத்தைத் திரும்பக் கேட்பதென்றால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தொலைத்தொடர்பு வழக்குகளை அங்கே எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அங்கேயும் இதே பிடிஎஃப்தான் ஆதாரம்.